லிஃப்டுக்கு விலை கேட்டு ஒரு கடிதம்

லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூன்று கம்பெனிகளுக்கு போன் போட்டு, “ஏஎம்சி கொட்டேஷன் அனுப்புங்க சார்” என்கிறார். ஒரு வாரத்தில் மூன்றும் வந்துவிடுகின்றன. முதலாவது வாட்ஸ்அப்பில் நாலு வரி: லிஃப்ட் ஒன்றுக்கு ஆண்டுக்கு 38,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இரண்டாவது லெட்டர்ஹெட்டில் இரண்டு பக்கம்: லிஃப்ட் ஒன்றுக்கு 60,000, காம்ப்ரிஹென்சிவ். மூன்றாவது ஏழு பக்கம். அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு லிஃப்டுக்கும் சேர்த்து, வரியும் உட்பட, 1,75,000.

கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் முதல் தாளைத் தட்டிக் காட்டி, “பாதி விலைக்கு ஆள் இருக்கும்போது யோசனை என்ன?” என்பார். இன்னொருவர், “ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் அவங்க பொறுப்புன்னா அறுபதாயிரம் நியாயம்தான்” என்பார். அரை மணி நேரம் வாதம் நடக்கும். கடைசியில் யாருக்குக் குரல் பெரிதோ அவர் சொன்ன கம்பெனிக்குக் காசோலை போகும். மூன்று கம்பெனிகளும் விற்பது மூன்று வெவ்வேறு பொருள் என்பது, எட்டு மாதம் கழித்து ரோப் மாற்றச் சொல்லி எண்பதாயிரத்துக்கு எஸ்டிமேட் வரும்போதுதான் தெரியும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. விலை கேட்கும் முன், எதற்கு விலை கேட்கிறோம் என்பதைச் சங்கமே எழுதிவிடுவது. கம்பெனிகள் தங்கள் அச்சடித்த கொட்டேஷனை அனுப்பாமல், சங்கம் அனுப்பும் படிவத்தில் எண்களை நிரப்பித் தரவேண்டும். இரண்டு பக்கக் கடிதமும் ஒரு பக்கப் படிவமும் போதும். ஆனால் அந்தக் கடிதத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதில்தான் விஷயம்.

கணக்குக்காக வேளச்சேரிப் பக்கம் 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை வைத்துக்கொள்வோம். தரையில் கார் பார்க்கிங், மேலே ஐந்து மாடி. இரண்டு லிஃப்ட், வயது பன்னிரண்டு ஆண்டு. இந்த விவரத்தைக்கூடப் பல சங்கங்கள் எழுதுவதில்லை. “எங்கள் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட் உள்ளது” என்று மட்டும் எழுதினால், பார்க்காமலே விலை போடும் கம்பெனி தன் பாதுகாப்புக்கு விலையை ஏற்றும், இல்லாவிட்டால் விலக்குகளை ஏற்றும். ஆகவே கடிதத்தின் முதல் பத்தி இப்படி இருக்கலாம்:

“எங்கள் குடியிருப்பில் எட்டுப் பேர், 544 கிலோ கொள்ளளவுள்ள இரண்டு பயணிகள் லிஃப்டுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஆறு நிறுத்தங்கள், தானியங்கிக் கதவு, மொட்டைமாடியில் மெஷின் ரூம். கன்ட்ரோலர், டிரைவ், மோட்டார் ஆகியவற்றின் பெயர்ப்பலகைப் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. முதல் லிஃப்டின் ரோப்கள் நிறுவியபோது போட்டவை. இரண்டாவதில் நான்கு ஆண்டுகளுக்கு முன் மாற்றப்பட்டவை. கடந்த இரண்டு ஆண்டுகளின் பழுது அழைப்புப் பதிவேட்டின் நகலும் உடன் உள்ளது.”

பழுதுப் பதிவேட்டை வெளியே காட்டலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகக் காட்டலாம். கதவு சென்சார் கோளாறால் மாதம் மூன்று முறை நிற்கும் லிஃப்ட் என்பதை மறைத்து வாங்கும் குறைந்த விலை, ஒப்பந்தம் போட்ட இரண்டாவது மாதமே சண்டையாகத் திரும்பும். சொல்லக்கூடாத ஒரே எண், இப்போதைய கம்பெனிக்குச் சங்கம் கொடுக்கும் தொகை. அதைச் சொன்னால் வருகிற விலைகள் எல்லாம் அதைவிட இரண்டாயிரம், மூவாயிரம் குறைவாகவே இருக்கும்.

அடுத்து, ஒப்பந்தத்தின் வகை. சந்தையில் பொதுவாக இரண்டு வகை. ஒன்றில் உதிரி பாகங்களும் கம்பெனி பொறுப்பு. அதைத்தான் காம்ப்ரிஹென்சிவ் என்கிறார்கள். மற்றதில் ஆள் வருகை, சுத்தம், ஆயில், கிரீஸ், சரிசெய்தல் மட்டும். பாகம் எது போனாலும் பணம் தனி. இந்த இரண்டுக்கும் நடுவில், பாதியை உள்ளே வைத்துப் பாதியை வெளியே தள்ளும் கலப்பு வகைகள் பல. அவற்றில் சிலவும் காம்ப்ரிஹென்சிவ் என்ற பெயரிலேயே வரும். பெயரை நம்பக்கூடாது. விலக்குப் பட்டியலைப் படிக்கவேண்டும். அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும்.

அந்தப் பட்டியலில் அடிக்கடி தென்படும் மூன்று பெயர்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ரோப், டிரைவ், ஏஆர்டி பேட்டரி.

லிஃப்டின் கேபினையும் அதற்கு எதிர்ப்பக்கம் தொங்கும் எடையையும் சுமப்பவை எஃகுக் கம்பி ரோப்கள். மெஷின் ரூமில் இருக்கும் பெரிய சக்கரத்தின் காடிகளில் அவை பதிந்து ஓடும். நாளாக ஆக இழைகள் அறுந்து சிலிர்த்து நிற்கும், ரோப்பின் மேல் செம்மண் தூவியதுபோல் துரு படியும், விட்டம் குறையும். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றுவது வழக்கமில்லை, முழு செட்டையும் மாற்றவேண்டும். அதனால்தான் செலவு பெரிது. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சக்கரத்தின் காடிகள் தேய்ந்திருந்தால் புது ரோப்பும் சீக்கிரமே தேயும். ரோப் மாற்றுவது எங்கள் பொறுப்பு என்று எழுதிவிட்டு, சக்கரத்தை விலக்கில் வைத்திருக்கும் கொட்டேஷனில் பாதி வேலைக்குத்தான் உத்தரவாதம் இருக்கிறது. படிவத்தில் ரோப்புக்கு ஒரு வரி, சக்கரத்துக்கு ஒரு வரி, கவர்னர் ரோப்புக்கு ஒரு வரி என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டால் இந்தச் சந்து அடைபடும். கேபின் வேகம் எல்லை மீறினால் அதைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாட்டை இயக்குவது கவர்னர். அதன் ரோப் வேறு, கேபினைச் சுமக்கும் ரோப் வேறு.

டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தை ஏற்றி இறக்கும் மின்னணுப் பெட்டி. லிஃப்ட் குலுங்காமல் கிளம்பி, மாடித் தரைக்குச் சரியாக வந்து நிற்பது இதன் வேலையால்தான். வெப்பமும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் இதற்கு ஆகாது. பல கொட்டேஷன்களில் டிரைவ் உள்ளே இருக்கும். ஆனால் “மின்னழுத்த மாறுபாட்டால் ஏற்படும் சேதம் நீங்கலாக” என்ற வரி கீழே இருக்கும். டிரைவ் எரிந்துபோன பிறகு, எதனால் எரிந்தது என்று முடிவு சொல்லப்போவது அதே கம்பெனியின் டெக்னீஷியன். ஆக, அந்த ஒரு வரி மேலே கொடுத்ததைக் கீழே எடுத்துக்கொள்கிறது. செயலாளர் இதற்கு எதிராக எழுதக்கூடியது: “மின்னழுத்தப் பாதுகாப்புக்கு ஏதேனும் கருவி பொருத்தவேண்டும் எனக் கருதினால் அதன் விலையை இப்போதே தனியாகக் குறிப்பிடவும். அக்கருவி பொருத்தப்பட்ட பின் மின்னழுத்தத்தைக் காரணம் காட்டி டிரைவ், கன்ட்ரோலர் போர்டுகளை விலக்க இயலாது.” இதை ஏற்கும் கம்பெனியும் உண்டு, ஏற்காத கம்பெனியும் உண்டு. எது எந்தப் பக்கம் என்பது விலை ஒப்பிடும் முன்பே தெரிந்துவிடும்.

கரண்ட் போனால் கேபினைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடுவது ஏஆர்டி. அதற்கு உயிர் பேட்டரி. அது சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும் பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே பல கம்பெனிகள் அதை வெளியே வைக்கின்றன. வைக்கட்டும், விலையை மட்டும் இப்போதே சொல்லட்டும். ஜெனரேட்டர் இருக்கிற கட்டடங்களில் ஏஆர்டி வேலை செய்கிறதா என்றே யாரும் பார்ப்பதில்லை. ஜெனரேட்டரும் கிளம்பாத ஒரு நாளில் இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு பாட்டி மாட்டிக்கொண்ட பிறகு பேட்டரியைத் தேடுவார்கள். மாதாந்திர சர்வீசின்போது டெக்னீஷியன் மெயினை அணைத்து இதைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி போட்டுவிடலாம்.

சென்னை என்பதால் வெள்ளத்தையும் சேர்க்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரிக்காரர்கள் பட்டது நினைவிருக்கும். லிஃப்ட் கிணற்றின் அடிக்குழியில் தண்ணீர் நின்றால் அங்கிருக்கும் பஃபர், சுவிட்சுகள், ஒயர்கள் எல்லாம் பாழாகும். இந்தச் சேதத்தை எந்தக் கம்பெனியும் சும்மா ஏற்காது, ஏற்கச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் தண்ணீர் வடிந்தபின் வந்து பார்த்து, லிஃப்டை ஓட்டலாம் என்று எழுத்தில் சொல்ல எவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே கேட்கலாம். வெள்ளம் வடிந்த வாரத்தில் கேட்டால் அந்த எண்ணே வேறு.

பாகங்களுக்கு அடுத்தது ஆள் வருகை. மாதம் ஒரு சர்வீஸ், ஆண்டுக்கு 12 என்று எல்லோரும் எழுதுவார்கள். நடைமுறையில், பழுது என்று கூப்பிட்டு வந்த நாளையே அந்த மாத சர்வீசாகக் கணக்கு எழுதிவிடுவது உண்டு. “பழுது அழைப்புக்கான வருகை, மாதாந்திர சர்வீஸ் வருகையாகக் கொள்ளப்படாது” என்று ஒரு வரி அவசியம். அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்பதையும் இரண்டாகப் பிரித்துக் கேட்கவேண்டும். உள்ளே ஆள் மாட்டியிருந்தால் எவ்வளவு நேரம், லிஃப்ட் வெறுமனே நின்றிருந்தால் எவ்வளவு நேரம். இரவு பதினொரு மணிக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும், தீபாவளிக்கும் அதே நேரம்தானா, தனிக் கட்டணம் உண்டா? நேரத்தை எந்த நொடியிலிருந்து எண்ணுவது? வாட்ச்மேன் போன் போட்ட நேரத்திலிருந்தா, கால் சென்டர் புகார் எண் கொடுத்த நேரத்திலிருந்தா? அற்பக் கேள்விபோலத் தோன்றும். உள்ளே மாட்டிக்கொண்டவரைக் கேட்டால் தெரியும்.

இவ்வளவும் எழுதினாலும், பழைய லிஃப்டை ஏற்கும் புதுக் கம்பெனிக்கு நியாயமான ஒரு பயம் இருக்கும். ஏற்கெனவே தேய்ந்துபோன ரோப்பை அவர்கள் தலையில் கட்டுகிறோமோ என்று. ஒப்பந்தம் போட்டு ஒரு மாதத்தில், “எடுத்துக்கொள்ளும் முன் செய்யவேண்டிய வேலைகள்” என்று ஒரு பட்டியல் வந்து நிற்பது இந்தப் பயத்தால்தான். அந்தப் பட்டியலை விலைக்கு முன்பே வரவழைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். செயலாளர் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, மெஷின் ரூம் சாவியோடு ஒரு ஆளை நிறுத்தலாம். பார்த்துவிட்டுப் போகிறவர்கள், இப்போதே மாற்றவேண்டியது என்று நினைப்பதை விலையோடு தனித்தாளில் எழுதித் தரவேண்டும். அதில் எழுதாத எதையும் பிறகு “முன்பே இருந்த கோளாறு” என்று சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே லிஃப்டின் உண்மையான உடல்நிலை தெரிந்துவிடும். மூவரும் முதல் லிஃப்டின் ரோப்பைச் சொன்னால் அது மாற்றவேண்டிய ரோப்தான். ஒருவர் மட்டும் கன்ட்ரோலரையே மாற்றவேண்டும் என்றால், அவரிடம் காரணம் கேட்கவேண்டும். ஒரு கம்பெனி சந்தேகம் கேட்டு மெயில் போட்டால், பதிலை மூவருக்கும் அனுப்பவேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த விவரத்தில் போட்ட விலை, மற்றவர்களின் விலையோடு சேராது.

படிவத்தின் விலைப்பகுதியில் இரண்டு எண்கள் கேட்பது நல்லது. பாகங்கள் உட்பட ஒரு விலை. பாகங்கள் இல்லாமல் ஒரு விலை. இரண்டாவதுக்குக் கீழே ஒரு பத்துப் பன்னிரண்டு பாகங்களின் பெயர், அவற்றின் இன்றைய விலை, மாற்றும் கூலி. ரோப் செட், டிரைவ், கதவு ரோலர், கதவு சென்சார், பிரேக் லைனர், கான்டாக்டர், ஏஆர்டி பேட்டரி என்று. ஒரிஜினல் பாகமா, வேறு தயாரிப்பா என்பதும் எழுதவேண்டும். விலை ஓர் ஆண்டுக்கா, மூன்று ஆண்டுக்கா, ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏறும் என்பதும் வேண்டும். ஜிஎஸ்டியைச் சேர்த்தே எழுதச் சொல்லவேண்டும். பராமரிப்புச் சேவைக்கு வரி 18 சதவீதம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறிய சங்கத்துக்கு அதில் ஒரு பைசாவும் திரும்ப வராது; எனவே அதுவும் செலவுதான்.

இனி ஆரம்பத்தில் வந்த மூன்று எண்களை இந்தப் படிவத்தில் போட்டுப் பார்க்கலாம். இவை சந்தை விலை அல்ல, கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

38,000 என்றவர் பாகங்களைச் சேர்க்கவில்லை. விலை மூன்று ஆண்டுக்கும் ஒன்றே. இரண்டு லிஃப்டுக்கு 76,000, வரியோடு 89,680. மூன்று ஆண்டுக்கு 2,69,040. 60,000 என்றவருக்கு இரண்டு லிஃப்டும் வரியும் சேர்ந்து 1,41,600. ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறும் என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டுக்கு 4,68,696. அவருடைய விலக்கில் ரோப், டிரைவ், ஏஆர்டி பேட்டரி மூன்றும் இருக்கின்றன. மூன்றாமவருக்கு விலக்கு வெள்ளமும் வேண்டுமென்றே செய்த சேதமும் மட்டும், விலை ஏறாது. மூன்று ஆண்டுக்கு 5,25,000.

மூன்று ஆண்டில் ஒரு லிஃப்டுக்கு ரோப் செட் 80,000, இரண்டு லிஃப்டுக்கும் பேட்டரி 24,000, ரோலர், சென்சார், லைனர் போன்ற சில்லறைப் பாகங்கள் 60,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால், முதலாமவரின் மொத்தம் 4,33,040. இரண்டாமவர் சில்லறைப் பாகங்களைத் தானே ஏற்கிறார். ஆனாலும் ரோப்பும் பேட்டரியும் சேர்ந்து மொத்தம் 5,72,696 ஆகிறது. மூன்றாமவர் அதே 5,25,000.

நடுவில் இருந்தவர்தான் இருப்பதிலேயே அதிகம். ஒரு டிரைவும் போய், அதற்கு 90,000 ஆகிறது என்று வையுங்கள். முதலாமவர் 5,23,040-க்கு வந்து மூன்றாமவரைத் தொட்டுவிடுகிறார். இரண்டாமவர் 6,62,696-க்குப் போய்விடுகிறார். இப்போது கமிட்டி வாதம் செய்யவேண்டிய கேள்வி தெளிவாக இருக்கிறது. டிரைவ் போகாது என்று நம்பி, சுமார் 92,000 ரூபாய் மிச்சம் பிடிக்கலாமா? இல்லை, திடீர்ச் செலவுக்கு வீடு வீடாக வசூலிக்கும் தொல்லை வேண்டாம் என்று மூன்றாமவரை எடுக்கலாமா? கையிருப்பில் இரண்டு லட்சம் வைத்திருக்கும் சங்கத்துக்கு முதலாமவர் பொருந்துவார். மெயின்டனன்ஸ் பாக்கியே வசூலாகாத சங்கம் மூன்றாமவரிடம் போவதுதான் பிழைக்கும் வழி. இரண்டாமவரை எடுக்க எந்தச் சங்கத்துக்கும் காரணமில்லை. ஆனால் முதல் கூட்டத்தில், நடுத்தர விலை என்பதாலேயே அவருக்குத்தான் ஓட்டு விழுந்திருக்கும்.

விலைக்கு அப்பால் இரண்டு விஷயங்களைக் கடிதத்தில் விடக்கூடாது. ஒன்று, பிரிந்து போகும்போது என்ன என்பது. சில கன்ட்ரோலர்களைத் திறந்து சரிசெய்யக் கடவுச்சொல்லோ, அந்தக் கம்பெனியின் தனிக் கருவியோ வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் புதுக் கன்ட்ரோலர் போட்டுவிட்டுக் கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டால், அடுத்த கம்பெனியால் லிஃப்டைத் தொடமுடியாது. “ஒப்பந்தம் முடியும்போது கடவுச்சொல், மின்சுற்று வரைபடம் அனைத்தையும் சங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும்” என்பதை இப்போதே எழுதவேண்டும். முப்பது நாள் நோட்டீசில் விலகலாம், செலுத்திய தொகையில் மீதி திரும்ப வரும் என்பதும் அதோடு சேரட்டும்.

மற்றொன்று உரிமம். தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென்று 1997-ல் வந்த சட்டத்தின்படி, லிஃப்ட் இயக்க மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும். அந்தப் பொறுப்பு கட்டட உரிமையாளர்களுடையது. பராமரிப்புக் கம்பெனியுடையது அல்ல. புதுப்பிக்கும் தாள்களைத் தயாரிப்பது யார், ஆய்வாளர் வரும் நாளில் டெக்னீஷியன் இருப்பாரா, அதற்குத் தனிக் கட்டணமா என்று மூன்று கேள்விகளைப் போட்டால் போதும். வேலையாட்களுக்கான காப்பீட்டு நகலையும் கூடவே கேட்டுவிடலாம்.

இவ்வளவு கேட்டால் கம்பெனிகள் பதில் போடுமா என்று ஒரு செயலாளர் கவலைப்படலாம். ஐந்து பேருக்கு அனுப்பினால் மூன்று பேர் நிரப்புவார்கள். ஒருவர் தன் பழைய கொட்டேஷனையே திருப்பி அனுப்புவார். ஒருவர் போன் செய்து, “நேர்ல பேசி முடிச்சுக்கலாம் சார்” என்பார். கடைசி இருவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒப்பீட்டில் சேர்க்கக்கூடாது.

கமிட்டி ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு ஒரு வேலை பாக்கி. கையெழுத்துக்கு வரும் ஒப்பந்தம் பெரும்பாலும் கம்பெனியின் அச்சடித்த தாளாகவே இருக்கும். கழித்துக் கட்டிய விலக்குகள் எல்லாம் அதில் மறுபடி உட்கார்ந்திருக்கும். சங்கத்தின் கடிதமும், நிரப்பிய படிவமும், சனிக்கிழமைத் தாளும் ஒப்பந்தத்தின் இணைப்புகள் என்றும், முரண்பாடு வந்தால் இணைப்பில் இருப்பதே செல்லும் என்றும் ஒரு வரி சேர்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகே முதல் காசோலையைக் கொடுங்கள்.